நலவாழ்வு ஏற்றத்தாழ்வை அளவிடுதல்: செறிவுக் குறியெண்ணும் சரிவுக் குறியெண்ணும் – இந்தியக் குழந்தை இறப்புத் தரவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பொருளாதார நிலையின் அடிப்படையில் மக்களிடையே நிலவும் நலவாழ்வு ஏற்றத்தாழ்வை அளக்கச் செறிவுக் குறியெண், சரிவுக் குறியெண் ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. இந்தியாவில் 1982–92 காலத்து ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் இறப்புத் தரவைக் கொண்டு இவ்விரண்டையும் கணக்கிடும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. இரண்டு குறியெண்களும் ஒரே உடன்மாறுபாட்டிலிருந்து பிறப்பவை என்பதையும், எனினும் கால ஒப்பீட்டில் அவை எதிரெதிர் முடிவுகளைத் தரக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செறிவுக் குறியெண், சரிவுக் குறியெண், குழந்தை இறப்பு வீதம், செல்வக் குழுக்கள், சார்பு ஏற்றத்தாழ்வு, தனி ஏற்றத்தாழ்வு.

முன்னுரை

ஏழைகளிடையே குழந்தை இறப்பு மிகுதி, செல்வரிடையே குறைவு என்பது அறிந்த செய்தி. இவ்வேறுபாடு எவ்வளவு, அது குறைந்து வருகிறதா என்னும் வினாக்களுக்கு விடை காண ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. மிக ஏழ்மையான குழுவின் வீதத்தையும் மிகச் செல்வமான குழுவின் வீதத்தையும் கழித்தோ வகுத்தோ பார்ப்பது எளிய வழி. ஆனால் அது இடைப்பட்ட குழுக்களை முற்றிலும் விட்டுவிடுகிறது. குழுக்களின் மக்கள்தொகை அளவையும் கருதுவதில்லை. இக்குறைகளை நீக்கும் அளவைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த வாக்ஸ்டாஃப், பாச்சி, வான் டோர்ஸ்லேர் ஆகியோர் 1991இல் செறிவுக் குறியெண்ணையும் சரிவுக் குறியெண்ணையும் ஏற்புடையனவாகப் பரிந்துரைத்தனர். சரிவுக் குறியெண் அதற்கு முன்பே இறப்பு வீத ஆய்வுகளில் பயன்பட்டது; இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் வகுப்புவாரி இறப்பு குறித்து எல்சி பாமுக் 1985இல் வெளியிட்ட ஆய்வு அவ்வகையில் அறியப்பட்டதாகும்.

தரவும் வரிசைநிலையும்

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் தரவு, முதலாவது தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து (1992–93) பெறப்பட்டது. உலக வங்கி 2008இல் வெளியிட்ட நலவாழ்வுச் சமத்துவப் பகுப்பாய்வு நூலில் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. இந்த ஆய்வில் குடும்ப வருமானம் கேட்கப்படவில்லை. எனவே வீட்டில் உள்ள பொருள்கள், வீட்டின் அமைப்பு, குடிநீர் வசதி போன்றவற்றைக் கொண்டு உருவாக்கப்படும் செல்வக் குறியீடே வருமானத்தின் இடத்தில் நிற்கிறது. இது நீண்டகாலப் பொருளாதார நிலையைக் காட்டும். ஓராண்டு வருமானத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. முடிவுகளை ‘வருமான ஏற்றத்தாழ்வு’ எனக் குறிப்பிடுமுன் ஆய்வாளர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

| செல்வக் குழு | பிறப்புகள் | இறப்பு வீதம் (1000 பிறப்புக்கு) | பிறப்புகளின் திரள் பங்கு | இறப்புகளின் திரள் பங்கு |
|---|---|---|---|---|
| மிக ஏழ்மை | 29,939 | 154.7 | 0.231 | 0.300 |
| இரண்டாவது | 28,776 | 152.9 | 0.453 | 0.586 |
| நடு | 26,528 | 119.5 | 0.657 | 0.791 |
| நான்காவது | 24,689 | 86.9 | 0.848 | 0.930 |
| மிகச் செல்வம் | 19,739 | 54.3 | 1.000 | 1.000 |

ஐந்து குழுக்களாயினும் பிறப்புகள் ஐந்து சம பங்குகளாக இல்லை. மிக ஏழ்மையான குழுவில் 23 விழுக்காடும், மிகச் செல்வமான குழுவில் 15 விழுக்காடும் நிகழ்ந்துள்ளன. ஆகவே ஒவ்வொரு குழுவிற்கும் 0.2 என்னும் பங்கை இட்டுக் கணக்கிடுவது பிழையாகும்.

செறிவுக் குறியெண்

கிடைமட்ட அச்சில் ஏழையிலிருந்து தொடங்கிப் பிறப்புகளின் திரள் பங்கையும், செங்குத்து அச்சில் இறப்புகளின் திரள் பங்கையும் குறித்தால் செறிவு வளைகோடு கிடைக்கும். இது லாரன்ஸ் வளைகோட்டை ஒத்தது. ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: லாரன்ஸ் வளைகோட்டில் மக்கள் எந்த மாறியின்படி வரிசைப்படுத்தப்படுகின்றனரோ அதுவே கூட்டப்படுகிறது, இங்கோ வரிசை செல்வத்தின்படி, கூட்டல் இறப்பின்படி. அதனால் வளைகோடு சமத்துவக் கோட்டின் மேலும் செல்லலாம், கீழும் செல்லலாம். வளைகோட்டுக்கும் சமத்துவக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பின் இருமடங்கே செறிவுக் குறியெண். வளைகோடு மேலே இருந்தால் அது எதிர்க்குறி பெறும்.

குழுத் தரவில் கணக்கீடு எளிது. p என்பது பிறப்புகளின் திரள் பங்கு, L என்பது இறப்புகளின் திரள் பங்கு எனக் கொண்டால், அடுத்தடுத்த குழுக்களின் குறுக்குப் பெருக்கல்களைக் கழித்துக் கூட்டினால் போதும்.

```
C = Σ ( p[t]·L[t+1] − p[t+1]·L[t] )
```

இரண்டாவது, நடுக் குழுக்களுக்கு 0.453 × 0.791 − 0.657 × 0.586 = −0.0267 ஆகும். இவ்வாறே நான்கு இணைகளுக்கும் முறையே −0.0008, −0.0267, −0.0592, −0.0827 கிடைக்கின்றன. இவற்றின் கூடுதல் −0.1694. இறப்பு தீய விளைவு. ஆகவே எதிர்க்குறி, அத்தீமை ஏழைகளிடம் செறிந்திருப்பதைக் காட்டுகிறது. தடுப்பூசி போன்ற நல்விளைவுக்கு இதே எதிர்க்குறி கிடைத்தால் நன்மை ஏழைகளிடம் செறிந்துள்ளது என்று பொருள்படும். விளைவின் தன்மையைக் கூறாமல் குறியை மட்டும் விளக்குவது படிப்பவரைத் திசைதிருப்பும்.

முதல் இணையின் மதிப்பு ஏறத்தாழச் சுழியாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. அடியில் உள்ள இரு குழுக்களின் இறப்பு வீதங்களும் (154.7, 152.9) ஏறக்குறைய ஒன்றே. ஏற்றத்தாழ்வு முழுவதும் அவற்றுக்கு மேலேதான் தொடங்குகிறது.

சரிவுக் குறியெண்

சரிவுக் குறியெண்ணைக் காண ஒவ்வொரு குழுவிற்கும் வரிசைநிலை R தேவை. குழுவிற்குக் கீழே உள்ளோரின் பங்குடன் அக்குழுவின் பங்கில் பாதியைக் கூட்டினால் அது கிடைக்கும். மிக ஏழ்மையான குழுவிற்கு 0.231 இன் பாதியான 0.115, இரண்டாவதற்கு 0.342, பின்னர் 0.555, 0.753, 0.924. இவ்வரிசைநிலையின் மீது இறப்பு வீதத்தை, பிறப்புகளின் எண்ணிக்கையை நிறையாகக் கொண்டு, மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடாகப் பொருத்தும்போது கிடைக்கும் சரிவே குறியெண். இத்தரவில் அது −126.2. மக்கள் வரிசையின் அடிமுனையிலிருந்து மேல்முனை வரை செல்லும்போது, கோட்டின்படி, 1000 பிறப்புக்கு 126 இறப்புகள் குறைகின்றன என்பது இதன் பொருள்.

இவ்விடத்தில் நேரும் பொதுவான பிழை, R மதிப்புக்கு மாற்றாக 1 முதல் 5 வரையிலான குழு எண்ணையே இட்டுக் கோடு பொருத்துவதாகும். நிறையிடாமல் அவ்வாறு செய்தால் சரிவு −26.7 என வரும். அது ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவிற்கான சராசரி வேறுபாடு. சரிவுக் குறியெண் அன்று. அறிக்கையிடப்பட்ட மதிப்பு, முதல் குழுவிற்கும் ஐந்தாம் குழுவிற்கும் உள்ள நேரடி வேறுபாட்டைவிட (இங்கு 100.4) மிகச் சிறியதாக இருந்தால் இப்பிழையை ஐயுறலாம்.

நேர்கோடு தரவுக்குப் பொருந்துகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். இக்கோடு அடிமுனையில் 182, மேல்முனையில் 55.8 என்கிறது. மிக ஏழ்மையான குழுவிற்கு அது கணிப்பது 167.4, கண்டறியப்பட்டது 154.7. இரண்டாவது குழுவிற்குக் கணிப்பு 138.9, கண்டறியப்பட்டது 152.9. அடிப்பகுதியில் தரவு தட்டையாக இருக்க, கோடு தொடர்ந்து ஏறுகிறது. எனவே 182 என்னும் வீதம் எக்குழுவிலும் காணப்படாத, கோட்டை நீட்டியதால் வந்த எண். எச்சங்களைக் குழுவாரியாக அட்டவணையிட்டால் இத்தகைய வளைவு உடனே புலப்படும்.

ஒரே வேர், இரு முடிவுகள்

செறிவுக் குறியெண்ணை வேறொரு வடிவிலும் எழுதலாம். h என்பது இறப்பு வீதம், μ அதன் சராசரி (இங்கு 118.9).

```
C   = 2·cov(h, R) / μ
SII = cov(h, R) / var(R)
```

இரண்டின் தொகுதியிலும் இருப்பது ஒரே உடன்மாறுபாடு. இத்தரவில் அது −10.07. ஒன்று சராசரியால் வகுக்கப்படுகிறது, மற்றொன்று வகுக்கப்படுவதில்லை. எனவே ஒரே தரவில் இரண்டும் ஏற்றத்தாழ்வைக் காட்டின என்பதை இருவேறு சான்றுகளாகக் கொள்ளலாகாது. சராசரி மாறும்போதுதான் இவற்றின் வேறுபாடு வெளிப்படுகிறது.

எல்லாக் குழுக்களிலும் இறப்பு வீதம் பாதியாகக் குறைந்ததாகக் கொள்வோம். செறிவுக் குறியெண் −0.169 என்றே நிற்கும். சரிவுக் குறியெண் −63 ஆகச் சுருங்கும். மாறாக, எல்லாக் குழுக்களிலும் 1000க்கு 20 இறப்புகள் குறைந்தால் சரிவுக் குறியெண் மாறாது; சராசரி 98.9 ஆவதால் செறிவுக் குறியெண் −0.204 ஆக மிகும். ஏழைகளும் செல்வரும் சம எண்ணிக்கையில் பயன்பெற்ற நிலையில், ஒரு குறியெண் ‘மாற்றமில்லை’ என்கிறது; மற்றொன்று ‘ஏற்றத்தாழ்வு வளர்ந்தது’ என்கிறது.

இது கற்பனைச் சிக்கல் அன்று. மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் (2005–06) மிக ஏழ்மையான குழுவின் வீதம் 100.5, மிகச் செல்வமான குழுவினது 33.8. செல்வக் குறியீடு உருவாக்கப்பட்ட முறை இரண்டிலும் ஒன்றல்ல என்பதால் ஒப்பீட்டைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். எனினும் போக்கு தெளிவு: வேறுபாடு 100.4 இலிருந்து 66.7 ஆகக் குறைந்தது, விகிதமோ 2.85 இலிருந்து 2.97 ஆகச் சற்று உயர்ந்தது. தனி அளவில் இடைவெளி சுருங்க, சார்பு அளவில் அது சுருங்கவில்லை.

எல்லையுள்ள மாறிகள்

இறப்பு என்பது நிகழ்ந்தது அல்லது நிகழவில்லை என்னும் இருநிலை மாறி. இதனை ‘உயிர்பிழைத்தல்’ எனத் திருப்பி எழுதினால் சரிவுக் குறியெண்ணில் குறி மட்டுமே மாறும். செறிவுக் குறியெண்ணோ சராசரி 881.1 ஆல் வகுக்கப்படுவதால் 0.0229 ஆகச் சிறுத்துவிடும். அதே குழந்தைகள், அதே வேறுபாடு. ஆனால் ஏற்றத்தாழ்வு ஏழில் ஒரு பங்காகத் தோன்றுகிறது. சராசரியை 0 முதல் 1 வரையிலான பங்காகக் கொண்டு, C மதிப்பை (1 − μ) ஆல் வகுக்கும் திருத்தத்தை வாக்ஸ்டாஃப் 2005இல் முன்வைத்தார். அதன்படி இறப்புக்கு −0.192, பிழைத்தலுக்கு +0.192 எனச் சமச்சீராக வருகின்றன. எரைகர்ஸ் 2009இல் முன்வைத்த 4μC என்னும் வடிவமும் இச்சமச்சீரைத் தருகிறது (∓0.081), ஆனால் அது தனி ஏற்றத்தாழ்வின் பக்கம் சார்ந்தது. ஆகவே இருநிலை மாறிக்குத் திருத்தாத C மதிப்பைக் கொண்டு, சராசரி பெரிதும் வேறுபடும் மாநிலங்களை ஒப்பிடுவது தவறான வரிசையைத் தரக்கூடும்.

முடிவுரை

செறிவுக் குறியெண் சார்பு ஏற்றத்தாழ்வையும் சரிவுக் குறியெண் தனி ஏற்றத்தாழ்வையும் அளக்கின்றன. இவற்றுள் எது பொருத்தம் என்பதைப் புள்ளியியல் தீர்மானிப்பதில்லை. சம எண்ணிக்கையிலான குறைவு நியாயமா, சம விகிதத்திலான குறைவு நியாயமா என்னும் மதிப்பீடே தீர்மானிக்கிறது. எனவே இரண்டு குறியெண்களையும், சராசரியையும், குழுவாரி வீதங்களையும் சேர்த்து வெளியிடுவதே முறை. 1982–92 தரவில் அடியில் உள்ள இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே இறப்பு வீதம் கொண்டிருந்தன என்னும் உண்மையை −0.169 என்ற எண்ணும் சொல்லவில்லை, −126 என்ற எண்ணும் சொல்லவில்லை; அட்டவணையே சொல்கிறது. மிக ஏழ்மையான ஐந்திலொரு பங்கினருக்கு மட்டும் வகுக்கப்படும் திட்டம், அதே அளவு குழந்தைகளை இழந்துகொண்டிருந்த அடுத்த குழுவை விட்டுவிடும் என்பதும் அதிலிருந்தே தெரியவரும்.