கயிற்றின் வழியே கண்

எலும்பு முறிவு வார்டில், கட்டிலின் கால்மாட்டில் கயிறும் கப்பியும் எடையுமாகத் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ட்ராக்ஷன் என்று பெயர். தொடை எலும்பு முறிந்தால் சுற்றியுள்ள தசைகள் இறுகி, முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடும். கால் குட்டையாகும், வலி தாங்காது. எடையின் இழுப்பு அந்தத் தசைகளைத் தளர்த்தி எலும்பை நேராக நிறுத்துகிறது. இன்று பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை செய்து உள்ளே கம்பி வைத்துவிடுகிறார்கள் என்பதால், ட்ராக்ஷன் பெரும்பாலும் அதுவரைக்குமான ஏற்பாடுதான்.

நர்சிங் மாணவிகளுக்கு இதைச் சொல்லித்தர எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் பத்து நிமிடம் மட்டுமே கரும்பலகை. இழுப்பு என்று ஒன்று இருந்தால் எதிர் இழுப்பும் வேண்டும் என்பதைத்தான் அங்கே சொல்வேன். அந்த எதிர் இழுப்பைத் தருவது நோயாளியின் சொந்த உடல் எடை. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைப்பது அதற்காகவே. மீதி நேரம் முழுக்கக் கட்டிலருகில், ஒரே ஒரு நோயாளியை மனத்தில் வைத்து நடக்கும் பாடம்.

அவருக்கு 28 வயது, எடை 70 கிலோ. பைக் விபத்தில் வலது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் குறுக்காக ஸ்டெய்ன்மன் பின் செருகி, 7 கிலோ தொங்கவிட்டிருக்கிறார்கள். எலும்பையே பிடித்து இழுப்பதால், உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை தாங்கும். காலையில் அவர், "வலி ஜாஸ்தியாயிடுச்சு சிஸ்டர், ஊசி போடுங்க" என்கிறார். மாணவி ஊசியை எடுக்கப் போகுமுன் அவள் கண் பின்னிலிருந்து கயிற்றின் வழியே எடை வரைக்கும் போய்வர வேண்டும். இரவில் அவர் கட்டிலில் கீழே சரிந்திருக்கிறார். எடை தரையில் உட்கார்ந்திருக்கிறது. இழுப்பே இல்லை, தசை மறுபடி இறுகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து, கால் அசையாமல் அவரை மேலே ஏற்றிப் படுக்க வைத்தால் எடை தானாகத் தொங்கும். எடையைக் கையால் தூக்கவே கூடாது. டாக்டர் சொல்லாமல் இந்த எடையை யாரும் கழற்றக் கூடாது என்பதைத் தரை கூட்டுபவருக்கும், உடன் இருக்கும் உறவினருக்கும் சொல்லி வைப்பதும் நர்ஸின் வேலைதான்.

அடுத்தது பாதம். "பெருவிரலை மேல தூக்குங்கண்ணா" என்று கேட்க வேண்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. கால் வெளிப்புறமாகச் சாய்ந்து சட்டத்தில் அழுந்தினால் அது நசுங்கும். விரல் தூக்க முடியாவிட்டால் உடனே அழுத்தத்தை நீக்கி டாக்டரைக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் பாதம் தொங்கிப்போய், மாதக்கணக்கில் திரும்பாமலும் இருக்கலாம். முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை. கெண்டைக்கால் விறைத்து, விரலை நாம் மெல்ல மடக்கி நீட்டும்போதே அவர் அலறினால், அது தசைக்குள் அழுத்தம் ஏறுவதன் அறிகுறி. நாடி நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பின் நுழையும் இடத்தில் சீழ், பரவும் சிவப்பு, பின் பக்கவாட்டில் நழுவுதல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்து எழுத வேண்டும்.

தோல்வழி ட்ராக்ஷனில் நிலைமை வேறு. இடுப்பு முறிந்து அறுவைக்குக் காத்திருக்கும் 70 வயது அம்மாவுக்கு, காலில் நுரைப்பட்டை சுற்றி 2 அல்லது 3 கிலோ கட்டுவார்கள். 5 கிலோவைத் தாண்டினால் தோலே உரிந்து வந்துவிடும். இதனால் வலி குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே தோலைப் பலிகொடுத்து இதைத் தொடர நியாயமே இல்லை. இங்கே பட்டையை அவ்வப்போது அவிழ்த்தே ஆக வேண்டும். ஒருவர் காலை நேராகப் பிடித்து மெல்ல இழுத்திருக்க, மற்றவர் குதிகாலையும் கணுக்காலையும் பார்ப்பார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் குதிகால் புண்ணாவது அவருக்கே தெரியாது. எரிச்சல் இல்லை என்று அவர் சொல்வதை நம்பிவிடக் கூடாது.

கடைசிப் பத்து நிமிடம் சோதனை. பயிற்சிக் கட்டிலில் மூன்று தவறுகளை வைத்திருப்பேன்: கயிற்றின் முடிச்சு கப்பியில் சிக்கியிருக்கும், போர்வை கயிற்றை அழுத்தியிருக்கும், பாதம் கட்டிலின் விளிம்பில் முட்டியிருக்கும். மாணவி எதையும் தொடாமல் மூன்றையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கை வைக்கலாம். சரிசெய்யும்போது எடையைத் தூக்கினால் மதிப்பெண் கிடையாது.