கையில் எடுக்கப்படாத ஒரு முறை எதை நிரூபித்தது?

1979 நவம்பரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒரு கணிதச் செய்தி வெளியானது. நேர்கோட்டு நிரலாக்கக் கணக்குகளை உத்தரவாதமான வேகத்தில் தீர்க்கலாம் என சோவியத் கணிதவியலாளர் லியோனிட் கச்சியான் நிரூபித்திருந்தார். அவர் பயன்படுத்தியது நீள்வளைய முறை. யூடின், நெமிரோவ்ஸ்கி, ஷோர் ஆகியோர் வேறு தேவைக்காக உருவாக்கிய முறை அது. இன்று இக்கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருட்களில் அதைக் காண்பது அரிது. "அப்படியென்றால் ஏன் படிக்கவேண்டும்?" என்று என்னிடம் படிக்கும் மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன்.

எந்தக் களஞ்சியத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மூட்டை அனுப்பினால் செலவு குறையும்? இத்தகைய கேள்விகளில் பல மாறிகளும் பல சமனிலிகளும் இருக்கும். 1947இல் ஜோர்ஜ் டான்ட்சிக் தந்த சிம்பிளெக்ஸ் முறை, தீர்வுப் பகுதியின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்ந்து விடையை அடைகிறது. நடைமுறையில் அது வேகமானது. ஆனால் 1972இல் கிளீ, மின்ரி என்ற இருவர் ஒரு பொல்லாத உதாரணத்தை அமைத்தார்கள். அதில் ஒரு மாறி கூடினால் படிகள் இரட்டிப்பாகும். 50 மாறிகள் வந்தால் எந்தக் கணினியும் திணறும். இப்படி இரட்டிக்காமல், பல்லுறுப்பி ஒன்றின் அளவுக்குள் எப்போதும் அடங்கும் வழி உண்டா என்பதே விடை தெரியாத கேள்வியாக இருந்தது.

நீள்வளைய முறை எல்லா மூலைகளையும் தேடுவதில்லை. இரண்டு மாறிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். தீர்வு இருந்தால், அது 10 ஆரையுள்ள ஒரு வட்டத்துக்குள் இருக்கும் என்று தெரியும். வட்டத்தின் மையம் (0, 0) எல்லாச் சமனிலிகளுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். x ≥ 2 என்ற ஒன்று மீறப்படுகிறது என்று வைப்போம். அப்படியானால் இடது அரைவட்டத்தில் தீர்வு இல்லை. வலது அரைவட்டத்தை முழுதாக மூடும் மிகச்சிறிய நீள்வளையத்தை வரைகிறோம். அதன் மையம் (3.33, 0), அரை அச்சுகள் 6.67, 11.55. பரப்பளவு 314இலிருந்து 242 ஆகிறது, அதாவது 77 சதவீதம். புதிய மையத்தில் மீண்டும் அதே கேள்வியைக் கேட்கிறோம். மையம் பொருந்தாத ஒவ்வொரு முறையும் பரப்பளவு இதே விகிதத்தில் சுருங்கும்.

எப்போது நிறுத்துவது? கச்சியானின் முக்கிய பங்களிப்பு இங்கேதான். தரவுகள் முழு எண்களாயின், அவற்றை எழுதத் தேவையான இலக்கங்களைக் கொண்டே ஓர் எல்லையைக் கணிக்கலாம். சமனிலிகளைச் சற்றே தளர்த்திய பின், தீர்வுப் பகுதி இருந்தால் அது அந்த எல்லையை விடச் சிறியதாக இருக்கமுடியாது. நீள்வளையம் அதனிலும் சிறிதாகிவிட்டால் தீர்வே இல்லை என்று முடிவு செய்யலாம். அதற்குத் தேவையான படிகளின் எண்ணிக்கை பல்லுறுப்பிக்குள் அடங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமனிலிகளின் முழுப் பட்டியல் எங்கும் தேவைப்படவில்லை. "இந்தப் புள்ளி சரியா? இல்லையென்றால் மீறப்பட்ட ஒன்றைக் காட்டு" என்பதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். இதற்குப் பிரிப்பு ஒராக்கிள் என்று பெயர். குறிசொல்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1981இல் குரோட்ஷெல், லோவாஸ், ஷ்ரைவர் மூவரும் இதை விரித்துக் காட்டினார்கள்.

20 நகரங்களைச் சுற்றிவரும் விற்பனையாளரின் கணக்கில், நகரங்களை எப்படி இரு குழுக்களாகப் பிரித்தாலும் அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு பயணங்களாவது இருக்கவேண்டும். அத்தகைய பிரிப்புகள் 5 இலட்சத்துக்கும் அதிகம். ஆனால் வீதிகளைக் குழாய்களாகவும், மாறிகளின் பெறுமதிகளைக் குழாய்களின் கொள்ளளவாகவும் கருதி, மிகப் பலவீனமான வெட்டைக் கண்டுபிடித்தால் போதும். அதன் பெறுமதி 2இலும் குறைந்தால் அதுவே மீறப்பட்ட நிபந்தனை. அந்த வெட்டைக் கண்டுபிடிக்க வேகமான வழிகள் உண்டு. ஆகவே நிபந்தனைகள் இலட்சக்கணக்கில் இருந்தாலும் கணக்கு பல்லுறுப்பி நேரத்தில் தீரும்.

ஆனால் கிடைப்பது பயணச் செலவின் கீழெல்லை மட்டுமே. விடையில் அரைவாசிப் பயணங்கள் வரலாம், ஆகவே அது உண்மையான பாதை அல்ல. 1979 பத்திரிகைச் செய்தி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டது.

பிறகு ஏன் அதை ஒதுக்கினார்கள்? 100 மாறிகள் இருந்தால் ஒரு படியில் கனவளவு அரை சதவீதமே சுருங்கும். எல்லாத் திசைகளிலும் பத்தில் ஒன்றாகச் சுருங்க ஏறத்தாழ 46,000 படிகள் வேண்டும். சிம்பிளெக்ஸ் அபூர்வமாகவே தடுமாறும். நீள்வளையமோ அந்த மந்தமான விலையை ஏறத்தாழ எப்போதும் செலுத்துகிறது. போகப்போக நீள்வளையம் ஊசிபோல மெலிவதால் தசமப் பிழைகளும் பெருகும். 1984இல் நரேந்திர கர்மார்க்கரின் முறை, உத்தரவாதத்தையும் நடைமுறை வேகத்தையும் சேர்த்தே தந்தது.

ஆனால் குறிசொல்பவர் நிலைத்துவிட்டார். இன்றைய மென்பொருட்கள் சில நிபந்தனைகளோடு மட்டும் தொடங்கி, சிம்பிளெக்ஸால் தீர்த்து, ஒராக்கிளிடம் கேட்டு, மீறப்பட்டதைச் சேர்த்து மீண்டும் தீர்க்கின்றன. இந்த வழி நல்ல நேரத்தில் முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் நல்ல ஒராக்கிள் இருக்கும் கணக்கு இயல்பிலேயே இலகுவானது என்ற உறுதியைத் தந்தது நீள்வளைய முறைதான்.