ஒரு முடி கனத்து இறுக்கம்

உயர் அழுத்த ஹைட்ராலிக் சிலிண்டர் எங்கே வெடிக்கத் தொடங்கும் என்று கேட்டால், வெளிப்புறத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். விரிசல் பிறப்பது பெரும்பாலும் உள்ளே, எண்ணெய் தொடும் சுவரில். எண்ணெய் அழுத்தும்போது சிலிண்டர் உப்பப் பார்க்கும். உலோகம் சுற்றுவாக்கில் இழுபடும். ஹூப் ஸ்ட்ரெஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தச் சுற்றிழுவை, உள் சுவரில்தான் உச்சத்தில் இருக்கும்.

உள் விட்டம் 100 மில்லிமீட்டர், வெளி விட்டம் 200 மில்லிமீட்டர் உள்ள எஃகு சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 2000 பார் அழுத்தம், அதாவது 200 மெகாபாஸ்கல். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் இருபது கிலோவுக்குச் சற்று மேல் எடை ஏறி நிற்பதுபோல. லாமே என்ற பிரெஞ்சுக்காரரின் சூத்திரப்படி, உள் சுவரில் சுற்றிழுவை 333 மெகாபாஸ்கல், வெளிப்பரப்பில் 133தான். உள்ளே இருக்கும் உலோகம் திணறுகிறது, வெளியே இருப்பது பாதிகூட உழைக்கவில்லை.

சுவரைத் தடிமனாக்கினால் போதாதா? வெளி விட்டத்தை 400 ஆக்கிப் பாருங்கள். எஃகு ஐந்து மடங்கு ஆகும். உள் சுவரின் இழுவை 333லிருந்து 227க்குத்தான் இறங்கும். எவ்வளவு எஃகைக் கொட்டினாலும் எண்ணெயின் அழுத்தமான 200க்குக் கீழே அது போகவே போகாது.

அதே 200 மில்லிமீட்டருக்குள் வேறொரு வழி இருக்கிறது. சிலிண்டரை இரண்டாகச் செய்யலாம். உள் உருளையின் வெளி விட்டம் 140 மில்லிமீட்டர். அதன்மேல் ஏற வேண்டிய ஜாக்கெட்டின் துளையை வேண்டுமென்றே 0.076 மில்லிமீட்டர் குறைத்துக் கடைவார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். குளிர்ந்த நிலையில் அது ஏறாது. சூடாக்கி விரிய வைத்து ஏற்றினால், ஆறியதும் உள் உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் இதே வித்தைதான்.

ஒரு சொட்டு எண்ணெய் வருவதற்கு முன்பே உள் சுவர் இப்போது 76 மெகாபாஸ்கல் நெருக்கத்தில் இருக்கிறது. எண்ணெய் தரும் 333 இழுவை முதலில் இந்த நெருக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், மிஞ்சுவது 257. ஜாக்கெட்டின் உள்பரப்புக்கோ, கவ்வியதால் 54 இழுவை ஏற்கெனவே உண்டு. எண்ணெய் அழுத்தம் அதில் 203 சேர்க்கும். அங்கேயும் 257. இரண்டு இடமும் சமமாகும் புள்ளியைத் தேடித்தான் அந்த 0.076 கிடைத்தது. இறுக்கம் நல்லதுதானே என்று அதை இரண்டு மடங்காக்கினால் உள் சுவர் 181க்கு இறங்கும். ஜாக்கெட்டோ 312க்கு ஏறிவிடும். ஆபத்து இடம் மாறுமே தவிரத் தீராது.

பட்டறையில் ஜாக்கெட்டை ஓவனில் சுமார் 180 டிகிரி வரை சூடாக்குவார்கள். துளை கால் மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். சுற்றிலும் தாராளமாக இடம் கிடைக்கும். பர்னரை ஒரு பக்கமாகக் காட்டினால் துளை கோணலாகிவிடும். தயங்காமல் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். பாதியில் நின்றால் உள் உருளை வெப்பத்தை வாங்கித் தானும் விரியும், ஜாக்கெட் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுத்தியலால் அடித்தால் இரண்டு பரப்பும் கீறிப்போகும். ஜாக்கெட் ஆறும்போது நீளவாக்கிலும் சுருங்கும். எந்த முனை முதலில் ஆறிக் கவ்வுகிறதோ அதை நோக்கி மற்ற முனை நகரும். அதனால் உள் உருளையில் உள்ள படியோடு ஒட்டி உட்கார வேண்டிய முனையை முதலில் ஆற வைக்கிறார்கள்.

கவ்வல் சரியாக விழுந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அளவு காட்டிக்கொடுக்கும். ஏற்றும் முன் போர் கேஜால் உள் விட்டத்தை அளந்து வைத்துக்கொண்டு, முழுக்க ஆறியபின், முடிந்தால் மறுநாள் காலையில், அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். நம் சிலிண்டரில் உள் விட்டம் 0.037 மில்லிமீட்டர் சுருங்கியிருக்க வேண்டும். 0.025தான் சுருங்கியிருக்கிறது என்றால், கவ்வல் மூன்றில் இரண்டு பங்குதான்; உள் சுவரில் 257க்குப் பதிலாக 282 வரும். கடைசலில் அளவு தவறியிருக்கலாம், அல்லது சொரசொரப்பான பரப்பின் மேடுகள் நசுங்கி இறுக்கத்தைத் தின்றிருக்கலாம். இந்தச் சோதனை முடிந்த பிறகே துளையை ஹோனிங் செய்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. எண்ணெய் உள் சுவரை நேராக அமுக்கும் 200 மெகாபாஸ்கல் எந்த ஜாக்கெட்டாலும் குறையாது. எஃகு நிரந்தரமாக உருக்குலையுமா என்பதை இழுவையும் இந்த அமுக்கமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இரண்டின் கூட்டுத்தொகை 533லிருந்து 457க்கு வருகிறது. சுற்றிழுவையில் கிடைத்த 23 சதவீத லாபம் இங்கே 14 சதவீதமாகச் சுருங்குகிறது. ஆனால், நாள் முழுக்க அழுத்தம் ஏறி இறங்கும் பிரஸ்ஸில் உள் சுவரின் சிறு விரிசலைப் பிளந்துகொண்டே போவது சுற்றிழுவைதான். அங்கே அந்த 23 சதவீதம் மிகவும் பெரியது.