ஆயத்தப் பதிலுக்குள் மகிழ்ச்சியை வைக்காதீங்க

இந்த வார எபிசோடில் டெக்ஸ்ட் ஷார்ட்கட் பற்றிப் பேசும்போது, "எல்லாத்துக்கும் டெம்ப்ளேட் வைக்க முடியாது, அதுக்கு ஒரு கதை இருக்கு"ன்னு சொல்லிட்டு நேரமில்லாமல் நகர்ந்துட்டேன். அந்தக் கதையும், அதுக்கப்புறம் நான் என் ஷார்ட்கட்களை மாற்றி எழுதின விதமும் இங்கே.

எங்க ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அஞ்சல்களுக்குப் பதில் போடுற வேலை என்னுடையது. தன்னார்வ வேலைதான். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது ஏறக்குறைய 200 அஞ்சல் வரும். அதில் பெரும்பாலானவை நாலே நாலு கேள்விகள்: கட்டணம் எவ்வளவு, எந்த நிலையில் சேர்ப்பது, புத்தகம் எப்போ வரும், என் பிள்ளை இந்த வாரம் வரமாட்டான். முதல் வருஷம் எல்லாத்துக்கும் கையாலேயே எழுதினேன். இரண்டாம் வருஷம் ஐபோனில் Settings > General > Keyboard > Text Replacement போய், நாலு பதிலையும் நாலு சுருக்கெழுத்தாகப் போட்டு வெச்சேன். `lv` என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் விடுப்புக்கான பதில் முழுசா வந்து விழும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கடையில் பில் போட வரிசையில் நிற்கிறேன். ஓர் அம்மாவிடமிருந்து அஞ்சல். "கவின் அடுத்த மூணு வாரம் வகுப்புக்கு வர முடியாது" என்பது முதல் வரி. அவ்வளவுதான் படிச்சேன். `lv`, ஸ்பேஸ், அனுப்பு. போன பதில் இது: "தெரிவித்தமைக்கு மகிழ்ச்சி! விடுமுறையை இனிதாகக் கழித்து வாருங்கள். விடுபட்ட வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்ப மறவாதீர்கள்."

ராத்திரி கணினியில் அதே அஞ்சலைத் திறந்தப்போதான் இரண்டாவது வரி கண்ணில் பட்டது. அவங்க மாமியார் திருச்சியில் இறந்துட்டாங்க, குடும்பமா கிளம்புறாங்க. ஜிமெயிலில் Undo Send நேரத்தை அதிகபட்சம் 30 விநாடிதான் வைக்கலாம். எனக்கு அது எட்டு மணி நேரம் தேவைப்பட்டிருக்கும்.

மறுநாள் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா, அது ஆட்டோமேட்டிக்கா வர்ற மெயில்னு நினைச்சுட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூட மனசுக்கு லேசா இருந்திருக்கும்.

முழுசா படிக்காதது என் தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டெம்ப்ளேட்டைத் திரும்பத் திரும்பப் படிச்சப்போ வேற ஒண்ணும் தெரிஞ்சது. விடுப்பு என்றாலே விடுமுறை, விடுமுறை என்றாலே மகிழ்ச்சி என்று நான் எழுதும்போதே முடிவு பண்ணியிருக்கேன். காய்ச்சலால் வராத பிள்ளைக்கும் அதே "இனிதாகக் கழித்து வாருங்கள்"தான் போயிருக்கு. எத்தனை பேருக்குப் போச்சுன்னு பார்க்க ஜிமெயிலில் இப்படித் தேடினேன்:

```
in:sent "இனிதாகக் கழித்து"
```

வந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து, பெற்றோர் எழுதினதையும் என் பதிலையும் சேர்த்துப் படிச்சேன். ஒரு பையனுக்குக் கை எலும்பு முறிவு. இன்னொரு வீட்டில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. யாரும் திருப்பி எதுவும் கேட்கவில்லை, அதனால எனக்கும் தெரியவில்லை. டெம்ப்ளேட் வெச்சிருக்கிறவங்க இந்தத் தேடலை ஒரு தடவை செஞ்சு பாருங்க. உங்க டெம்ப்ளேட்டில் தனியா நிற்கிற ஒரு தொடரை எடுத்து அனுப்பிய அஞ்சல்களில் தேடி, கடைசிப் பத்தையாவது மேலிருந்து கீழே படிங்க. அரை மணி நேர வேலைதான்.

அதுக்கப்புறம் முழுக் கடிதங்களைச் சேமிக்கிறதை நிறுத்திட்டேன். ஒரு பதிலை உடைச்சுப் பார்த்தால் மூணு பகுதி இருக்கும். மேலே, அவங்க சொன்னதைக் கேட்டதுக்கான பேச்சு. நடுவே, எல்லாருக்கும் ஒண்ணாகவே இருக்கிற தகவல்: கட்டணம், தேதி, கோப்புறை முகவரி. கீழே, விடைபெறுதல். அடிச்சு அடிச்சுக் கை வலிக்கிறது நடுப்பகுதியால்தான். தப்பு நடக்கிறது மேலே. அதனால் நடுப்பகுதியை மட்டும் ஷார்ட்கட்டாக வெச்சேன், மேல் வரியைக் கையால் அடிக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதணும்னா அஞ்சலைப் படிச்சே ஆகணும் என்பது கூடுதல் லாபம்.

இதுக்குக் கணினியில் எஸ்பான்சோ பயன்படுத்துறேன். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜிமெயிலிலேயே Templates வசதி இருக்கு, கணினி உலாவியில் Settings > Advanced போய் இயக்கலாம். ஆனால் அதில் சேமித்தது அப்படியே வந்து விழும், நடுவில் நிறுத்தி "பெயர் என்ன?"ன்னு கேட்காது. எஸ்பான்சோ கேட்கும். `espanso edit` என்று டெர்மினலில் அடித்தால் `base.yml` கோப்பு திறக்கும். என்னுடைய விடுப்புப் பதில் இப்போ இப்படி இருக்கு:

```yaml
matches:
  # ஆகஸ்டில் சரிபார்த்தது
  - trigger: ";vara"
    form: |
      வணக்கம் [[azhaippu]],

      [[solvathu]]

      [[yaarukku]] உரிய பாடமும் வீட்டுப்பாடமும்
      வகுப்புக் கோப்புறையில் இருக்கும்.
    form_fields:
      solvathu:
        multiline: true
```

`;vara` அடித்ததும் ஒரு சின்னப் படிவம் திறக்கும். இரட்டை அடைப்பு இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெட்டி. `solvathu` பெட்டிதான் நான் கையால் எழுத வேண்டிய வரி. அதுக்கு முன்கூட்டியே ஒரு நல்ல வாக்கியத்தைப் போட்டு வைக்கலாம், ஆனா நான் போடலை. போட்டு வெச்சால் அப்படியே விட்டுட்டுப் போற ஆளு நான் என்று எனக்கே தெரியும்.

மூன்றாவது பெட்டிக்கு ஏன் `peyar` என்று வைக்காமல் `yaarukku` என்று வெச்சேன்? இது தமிழில் டெம்ப்ளேட் எழுதுற எல்லாருக்கும் வர்ற சிக்கல். முதலில் ஆங்கிலப் பழக்கத்தில் `[[peyar]]க்கு` என்றுதான் எழுதினேன். என் மகள் மாதவி பெயரைப் போட்டுச் சோதிச்சேன். "மாதவிக்கு". பிரமாதம். அப்புறம் நிஜப் பெயர்கள் வந்தன. "கவின்க்கு". "கார்த்திக்க்கு". நம்ம பெயர்கள் கடைசி எழுத்தைப் பொறுத்து உகரம், வகரம் எல்லாம் சேர்த்துக்கும்: கவினுக்கு, நிலாவுக்கு, கார்த்திக்குக்கு. மாதவிக்கு மட்டும் எதுவும் சேர வேண்டியதில்லை, அதனால சோதனையில் மாட்டவில்லை. தமிழ் தெரிஞ்ச யாரும் "கவின்க்கு" என்று எழுத மாட்டாங்க. இது இயந்திரம் ஒட்டின பெயர் என்று அந்த ஒரு சொல்லே சொல்லிக் கொடுத்துடும், அதுவும் தமிழ்ப் பள்ளியிலிருந்து! அதனால் பெட்டி பெயரைக் கேட்பதில்லை, "யாருக்கு?" என்று கேட்கிறது. நானே "கவினுக்கு" என்று அடிக்கிறேன். உருபு ஒட்ட வழியில்லாத இடத்தில் "மாணவர்: நிலா" என்று பெயரைத் தனி வரியில் நிறுத்திடலாம். வினைச்சொல்லில் வர்ற ஆண், பெண் வேறுபாட்டையும் அப்படியே தவிர்த்துக்கலாம்.

`azhaippu` பெட்டியும் அதே மாதிரிதான். எனக்குத் தெரிஞ்சவங்க என்றால் அக்கா, அண்ணா. பேரனுக்காக எழுதுற தாத்தா என்றால் ஐயா. முன்னாடி எல்லாருக்கும் "அன்புடையீர்" போயிட்டிருந்தது. யாருக்கும் தப்பாகாது, ஆனால் தெருவில் தினம் பார்க்கிற அக்காவுக்கு அது கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

சுருக்கெழுத்தைத் தேர்வு செய்றதிலும் நமக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. நாம பாதி நேரம் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். `va`, `po`, `ila` எல்லாமே நமக்குச் சொற்கள். கணினியில் அரைப்புள்ளியில் தொடங்கினால் பிரச்சினை இல்லை. போனில் அதுக்குக் குறியீட்டு விசைப்பலகைக்கு மாறணும் என்பதால் நான் `x`-ல் தொடங்குறேன்: `xkatt`, `xputh`. தங்கிலீஷில் `x`-ல் தொடங்குற சொல் எனக்கு இதுவரை தேவைப்படலை. ஐபோன் ஸ்பேஸ் தட்டினதும் கேட்காமல் மாற்றிடும் என்பதால் அங்கே இது முக்கியம். இப்போ போனில் கட்டண விவரமும் புத்தக விவரமும் மட்டும்தான் வெச்சிருக்கேன். விடுப்புக்கான பதிலைப் போனிலிருந்து எடுத்துட்டேன்.

அப்படியிருந்தும் ஷார்ட்கட்டே தொடாத அஞ்சல்கள் சில உண்டு. பணம் தர முடியாது என்று சொல்றது ஒண்ணு. அதைவிட எளிதா மாட்டிக்கிறது, ஒரே ஆள் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டாம் தடவை எழுதுறது. ஓர் அப்பா கட்டணம் பற்றிக் கேட்டார், கட்டணப் பத்தி போச்சு. "அது புரியுது, நாங்க பாதி வருஷத்தில்தான் சேர்றோம், அதுக்கு?"ன்னு கேட்டார். கட்டணம் என்ற சொல்லைப் பார்த்ததும் அதே பத்தி திரும்பவும் போச்சு. அவரைப் பொறுத்தவரை நான் அவரை ஒரு தடவைகூடப் படிக்கலை. இப்போ என் பத்தி ஏற்கெனவே போன உரையாடலில் அதைத் திரும்ப ஒட்டுறதில்லை என்று வெச்சிருக்கேன். ஜிமெயில் பட்டியலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை அஞ்சல் என்று எண் காட்டும். 3 என்று பார்த்தால் மேலே உருட்டிப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்.

அந்தக் கவின் வீட்டு அஞ்சல் இன்னைக்கு வந்தால்? இந்தப் படிவத்தைக்கூடத் திறக்க மாட்டேன். "அக்கா, கேட்டு ரொம்ப வருத்தமா இருக்கு. வகுப்பைப் பற்றி எதுவும் யோசிக்காதீங்க, நல்லபடியா போயிட்டு வாங்க." அவ்வளவுதான், கையால். வீட்டுப்பாடப் பத்தியை இன்னொரு அஞ்சலாக எழுதி, Schedule send போட்டு, அவங்க திரும்பி வந்து ஒரு வாரம் கழிச்சுப் போற மாதிரி வைப்பேன். அதுக்கு ஷார்ட்கட் போதும்.