0.80-ஆ, 1.55-ஆ? ஆய்வுக் கட்டுரையில் விடுபட்டுப்போகும் ஒரு வரி

தூக்கம் குறைந்தால் மூளை எவ்வளவு மந்தமாகும் என்பதை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் தினமும் 3 மணி நேரமே படுக்க அனுமதிக்கப்பட்ட 18 பேரின் அளவுகள், R மென்பொருளின் `lme4` தொகுப்பில் `sleepstudy` என்ற பெயரில் இன்றும் பாடம் நடத்தப் பயன்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் 10 நாள் அளவு. முதல் நாட்கள் பழகவும் இயல்பு நிலையை அறியவும் ஒதுக்கப்பட்டவை. மொத்தம் 180 எண்கள். ஒவ்வொன்றும் எதிர்வினை நேரம், மில்லி வினாடியில்.

180 எண்கள் இருந்தாலும் ஆட்கள் 18 பேர்தான். ஒரே ஆளின் பத்து அளவுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதைக் கணக்கில் கொள்ள வந்ததுதான் மிக்ஸட் எஃபெக்ட்ஸ் மாடல். எல்லோருக்கும் பொதுவான போக்கு அதில் ஒரு பகுதி. ஆளுக்கு ஆள் உள்ள விலகல் இன்னொரு பகுதி. இரண்டாவதுதான் ரேண்டம் எஃபெக்ட்.

அதை இரண்டு விதமாக அமைக்கலாம். சிலர் இயல்பிலேயே மெதுவானவர்கள் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்க மட்டம் கொடுப்பது ஒன்று. தூக்கமின்மை எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்காது என்பதையும் ஏற்று, ஒவ்வொருவருக்கும் தனிச் சாய்வும் கொடுப்பது மற்றொன்று.

```
Reaction ~ Days + (1 | Subject)
Reaction ~ Days + (Days | Subject)
```

இரண்டுமே நாளொன்றுக்குச் சராசரியாக 10.47 மில்லி வினாடி தாமதம் கூடுகிறது என்றே சொல்கின்றன. ஆனால் அந்த எண்ணின் திட்டப் பிழை முதல் மாதிரியில் 0.80, இரண்டாவதில் 1.55. சாய்வு ஆளுக்கு ஆள் சுமார் 6 மில்லி வினாடித் திட்ட விலக்கத்துடன் மாறுகிறது. முதல் மாதிரி அதைப் பார்க்கவே இல்லை. அதனால் தரவு தராத உறுதியை அது காட்டுகிறது. இந்த ஆய்வில் விளைவு பெரியது என்பதால் முடிவு கவிழவில்லை. விளைவு சிறியதாக இருந்திருந்தால் இல்லாத ஒன்று நிரூபணமாகிவிடும். ‘மிக்ஸட் மாடல் பயன்படுத்தினோம்’ என்று மட்டும் எழுதும் கட்டுரையில் எந்த மாதிரி போடப்பட்டது என்று வாசகருக்குத் தெரியாது.

சிக்கல் கணினி எச்சரிக்கும்போது தொடங்குகிறது. பொருத்தமான எண்களை மென்பொருள் படிப்படியாகத் தேடுகிறது. `Model failed to converge` என்று வந்தால், தேடல் உச்சியை அடைந்ததா என்ற சோதனையில் அது தேறவில்லை என்று பொருள். சில நேரம் இது வெற்று எச்சரிக்கையாகவும் இருக்கும். `allFit()` கட்டளை வெவ்வேறு தேடல் முறைகளில் அதே மாதிரியை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் ஏறத்தாழ ஒரே எண்களைத் தந்தால் பயமில்லை. `boundary (singular) fit` என்பது வேறு கதை. அங்கே விடை கிடைத்துவிட்டது, ஆனால் ஏதோ ஒரு விலகல் பூஜ்யமாகவோ, தொடக்க மட்டத்துக்கும் சாய்வுக்கும் உள்ள ஒட்டுறவு 1 அல்லது -1 ஆகவோ போய் முட்டியிருக்கிறது. பெரும்பாலும், கேட்ட அளவு நுணுக்கத்தைத் தாங்கத் தரவு போதவில்லை என்றே அர்த்தம்.

எச்சரிக்கை மறையும் வரை உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அதைச் சொல்லாமல் விடுவதுதான் கட்டுரைகளில் நடக்கும் பெரிய தவறு. எதை நீக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதே தரவில் `(Days || Subject)` என்று ஒட்டுறவை மட்டும் நீக்கினால் திட்டப் பிழை 1.56, பாதிப்பே இல்லை. சாய்வை நீக்கினால் 0.80 ஆகிவிடுகிறது. எச்சரிக்கை வந்தால் முதலில் கைவைக்க வேண்டியது ஒட்டுறவில். நாம் சோதிக்கும் விளைவின் சாய்வு கடைசி வரை இருக்க வேண்டும்.

முறையியல் பகுதியில் இவ்வளவு எழுதினால் போதும்: ‘எதிர்வினை நேரத்தை நாள் எண்ணால் (0–9) விளக்கும் மாதிரி, 18 பேர், 180 அளவுகள். ஆளுக்கொரு தொடக்க மட்டம், ஆளுக்கொரு சாய்வு, இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு. `lme4`, REML முறை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.’ வந்திருந்தால் இன்னும் மூன்று வரி: எந்த எச்சரிக்கை, எதை எந்த வரிசையில் நீக்கினோம், நீக்கும் முன்னும் பின்னும் முக்கிய எண்ணும் அதன் திட்டப் பிழையும் என்ன. நீக்கும் வரிசையைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு வரிசையைத் தேர்ந்தெடுத்தாரோ என்ற சந்தேகம் வாசகருக்கு எழாது.

பல ஆட்களிடம் பலமுறை அளந்த ஆய்வு எதையாவது நீங்கள் படிக்க நேர்ந்தால், சாய்வு ஆளுக்கு ஆள் மாற விடப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால், அங்கே அச்சிட்டிருக்கும் திட்டப் பிழையை அப்படியே நம்பாதீர்கள்.