பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிதலும் ஆற்றுப்படுத்தலும்: எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவமும் வடமதுரை வட்டாரச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றுச் செவிலியப் படிப்பில் உளநலம் சார்ந்த ஒப்படைப்புகளுள் ஒன்று, பேறு முடிந்த தாயிடம் எடின்பரோ அளவுகோலைப் பயன்படுத்தி மதிப்பெண் இட்டு, தேவைப்படின் ஆதரவு நல்கும் ஆற்றுப்படுத்தலைத் தொடங்குவதாகும். ஸ்காட்லாந்தில் வகுக்கப்பட்ட வெட்டெண்ணும் தமிழ் வடிவத்துக்கு வேலூரில் கண்டறியப்பட்ட வெட்டெண்ணும் வேறுபடுகின்றன. இவ்விரு எண்களுக்கும் இடையில் விழும் தாயை எவ்வாறு அணுக வேண்டும் என்பதை, திண்டுக்கல் மாவட்டம் வடமதுரை வட்டாரச் சூழலில் அமைந்த ஒரு நேர்வின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, எடின்பரோ அளவுகோல், வெட்டெண், ஆற்றுப்படுத்தல், கிராம சுகாதார செவிலியர், தாய்வீடு.

முன்னுரை

பேறு முடிந்த மூன்றாம் நாள் தொடங்கிப் பத்தாம் நாளுக்குள் காரணமின்றி அழுவதும் எரிச்சல் கொள்வதும் பெரும்பாலான தாய்மார்களிடம் காணப்படுகின்றன. இது தானே தணியும். இரண்டு வாரம் கடந்தும் தாழ்ந்த மனநிலை, ஆர்வமின்மை, குற்றவுணர்வு ஆகியவை நீடிப்பின் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். இவ்விரண்டிலிருந்தும் வேறானது பேற்றுக்குப் பிந்தைய உளப்பிறழ்வு. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் மட்டும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், குழப்பம், பிரமை, உறக்கமே இல்லாத பரபரப்பு ஆகியவற்றுடன் அது தோன்றும். அதற்கு மருத்துவமனைச் சேர்க்கை உடனடித் தேவை; அங்கு அளவுகோலுக்கு இடமில்லை.

ஆகவே கண்டறிதலுக்கு ஏற்ற காலம் ஆறாம் வாரத்தை ஒட்டியதாகும். குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடத் தாய் துணை சுகாதார நிலையத்துக்கு வருவாள் என்பதால், வடமதுரை போன்ற ஊர்ப்புறங்களில் அந்நாளே இயல்பான வாய்ப்பாகிறது.

அளவுகோலும் அதன் வெட்டெண்ணும்

காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் பத்து வினாக்களைக் கொண்டது. கடந்த ஏழு நாட்களின் மனநிலையே வினவப்படும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. உடற்சோர்வு, பசி, எடை ஆகியவை பேறு முடிந்த எவருக்கும் மாறும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, மனநிலையை மட்டும் கேட்பதே இதன் சிறப்பு. மூல ஆய்வு 12/13 என்னும் வெட்டெண்ணை முன்வைத்தது. அதாவது 13 அல்லது அதற்கு மேல் பெற்றவர் விரிவான மதிப்பீட்டுக்கு உரியவர்.

தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்த பெஞ்சமின், ஜேக்கப் உள்ளிட்ட ஆய்வாளர்களின் கட்டுரை 2005இல் வெளிவந்தது. அவர்கள் கண்ட பொருத்தமான வெட்டெண் 8/9. அவ்வெண்ணில், நோயுற்ற நூறு பேரில் ஏறத்தாழ 94 பேரை அளவுகோல் கண்டுகொண்டது. நோயில்லாத நூறு பேரில் ஏறத்தாழ 90 பேரைச் சரியாக விலக்கியது. ஆங்கிலப் பாடநூலின் 13 என்னும் எண்ணையே பின்பற்றும் மாணவி, தமிழ் வடிவத்தில் 9 முதல் 12 வரை பெறும் தாய்மார்களை ‘நலம்’ எனப் பதிந்து அனுப்பிவிடுவாள்.

தாழ்ந்த வெட்டெண்ணுக்கும் ஒரு விலை உண்டு. வேலூர் மாவட்ட ஊர்ப்புறத் தாய்மார்களிடம் சந்திரன், தாரியன், மூளியில், ஆப்ரகாம் ஆகியோர் நடத்தி 2002இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் 11 விழுக்காடு. அவ்விகிதத்தையே கொண்டு நூறு தாய்மார்களைக் கணக்கிடுவோம். நோயுற்ற 11 பேரில் 10 பேர் வெட்டெண்ணைத் தாண்டுவர். நோயில்லாத 89 பேரிலும் 9 பேர் தாண்டுவர். ஆக 19 பேர் தாண்ட, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே நோய் இருக்கும். எனவே 9 என்பது நோயின் பெயரன்று. தாயுடன் அமர்ந்து பேசவேண்டும் என்னும் அறிகுறி மட்டுமே.

ஒரு நேர்வு

பின்வருவது பயிற்சி நோக்கில் அமைக்கப்பட்ட நேர்வு. குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதன்று. தாய்க்கு வயது 23. திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் பேறு, இரண்டாவதும் பெண் குழந்தை. வடமதுரை அருகிலுள்ள தாய்வீட்டில் தங்கியிருக்கிறார். ஒன்றரை மாத ஊசிக்குத் தம் தாயுடன் வந்தார்.

இங்கு முதற்சிக்கல் தனிமை. அளவுகோல், தாயே படித்துக் குறியிடுவதற்காக வகுக்கப்பட்டது. ஊசி போடும் நாளில் கூட்டமும், உடனிருக்கும் உறவினரும், வினாக்களைச் செவிலியரே படித்துக்காட்டும் வழக்கமும் சேரும்போது விடைகள் மாறிவிடும். உறவினர் முன்னிலையில் எல்லா விடைகளும் 0 ஆக வருமாயின் அத்தாளை நம்பலாகாது. இந்நேர்வில் குழந்தையை எடை போடப் பாட்டியிடம் கொடுத்தனுப்பி, அந்த இடைவெளியில் தாயிடம் தாளைக் கொடுத்துத் தாமே குறியிடச் செய்தார் மாணவி.

வினா வரிசையில் தாய் பெற்ற மதிப்பெண்கள்: சிரிக்க முடிதல் 1, எதிர்நோக்கும் மகிழ்ச்சி 1, தேவையின்றித் தன்னைப் பழித்தல் 2, காரணமற்ற கவலை 1, திகில் 0, சுமை தாங்க இயலாமை 2, துயரத்தால் உறக்கமின்மை 1, சோகம் 2, அழுகை 1, தன்னைத் துன்புறுத்தும் எண்ணம் 0. மொத்தம் 11.

மதிப்பெண் இடுவதில் நிகழும் பெரும்பிழை ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். 1, 2, 4 ஆகிய வினாக்களுக்கு விடைகள் மேலிருந்து கீழாக 0, 1, 2, 3 என எண்ணப்படும். ஏனைய ஏழுக்கும் 3, 2, 1, 0 எனத் தலைகீழாக எண்ணப்படும். இதனை மறந்து எல்லாவற்றையும் ஒரே திசையில் எண்ணியிருந்தால் இத்தாயின் மொத்தம் 16 ஆகியிருக்கும். இப்பிழையைப் பத்தாம் வினாவில் எளிதில் காணலாம். ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்தவருக்கு அங்கே 3 விழுந்திருக்கும்.

மொத்தத்தோடு நில்லாமல் ஒவ்வொரு விடையையும் திரும்பக் கேட்பது அடுத்த படி. ஏழாம் வினா குழந்தை எழுப்புவதால் கெடும் உறக்கத்தைப் பற்றியதன்று. “பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதாம்மா?” என்று கேட்டால் வேறுபாடு விளங்கும். “பிள்ளை தூங்குனாலும் எனக்கு வரமாட்டேங்குது சிஸ்டர். கண்ண மூடுனா அங்க போயி என்ன சொல்லுவாங்களோன்னு ஓடுது” என்றார் தாய். ‘அங்கே’ என்றது புகுந்த வீட்டை. சந்திரன் குழுவினர் கண்ட இடர்க்காரணிகளான குறைந்த வருவாய், மகனை விரும்பிய நிலையில் மகள் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல், கருவுற்ற காலத்துத் துயர நிகழ்வுகள், உடலுழைப்புக்கு உதவியின்மை ஆகியவற்றுள் இரண்டு இவ்வொரு விடையிலேயே புலப்படுகின்றன.

பத்தாம் வினாவில் 1 இருப்பினும் மொத்தத்தைப் பொருட்படுத்தாது அன்றே செயற்பட வேண்டும். எண்ணம் எப்போது எழுகிறது, வழி எதுவும் யோசித்தாரா, குழந்தையைப் பற்றியும் அவ்வெண்ணம் உண்டா என நேராகக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது எண்ணத்தை விதைப்பதாகாது. தாயைத் தனியே விடாது மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்நேர்வில் மதிப்பெண் 0 எனினும் வாய்மொழியாக ஒருமுறை கேட்டு உறுதி செய்யப்பட்டது. அயர்வுக்கு உடற்காரணம் உண்டா என அறிய இரத்தச்சோகைக்கும் தைராய்டு குறைபாட்டுக்கும் சோதனை பரிந்துரைக்கப்பட்டது.

ஆற்றுப்படுத்தலின் அமைப்பு

நோய் மிகாத நிலையில் மருந்துக்கு முன் செவிலியரே செய்யத்தக்கது என்ன? ஹோல்டன், சகோவ்ஸ்கி, காக்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. குறுகிய பயிற்சி பெற்ற இல்லச் செவிலியர்கள் வாரம் ஒருமுறை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், எட்டு வாரம் தாயின் பேச்சைக் கேட்டனர். அவ்வாறு கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் முழுமையாக மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேரே மீண்டனர். தாமாக மீள்வோரும் உண்டு என்பதையும், கேட்கப்பட்டும் மீளாதோர் உண்டு என்பதையும் இவ்வெண்கள் சேர்த்தே காட்டுகின்றன.

அச்செவிலியர்கள் அறிவுரை கூறவில்லை. தாய் சொன்னதைத் திரும்பச் சொல்லித் தெளிவுபடுத்தி, முடிவைத் தாயிடமே விட்டனர். நம் சூழலில் இதற்கு மாறாக நிகழ்வது “எல்லாம் சரியாப் போயிடும், பிள்ளை முகத்தைப் பாத்து சந்தோஷமா இரு” என்னும் தேற்றுதல். தன்னைப் பழித்துக்கொள்ளும் தாய்க்கு அது மேலும் ஒரு குற்றச்சாட்டாகவே கேட்கும்.

நேர்வில் முதல் சந்திப்பு முழுவதும் கேட்பதிலேயே கழிந்தது. இரண்டாம் வாரம் ஒரே நடைமுறை மாற்றம் முடிவாயிற்று: முன்னிரவில் பால் கொடுத்தபின் நான்கு மணி நேரம் குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வார். அவ்வாரமே அளவுகோல் மீண்டும் இடப்பட்டது. மொத்தம் 10, குறைந்தது உறக்க வினாவில் மட்டும். மூன்றாம் வாரம் தாயின் இசைவுடன் கணவர் அழைக்கப்பட்டார். மகன் வேண்டும் என்னும் குடும்ப விருப்பத்தைச் செவிலியரால் மாற்ற இயலாது. குழந்தையின் பால் தாயால் அமைவதன்று என்பதைக் கணவர் தம் வீட்டில் சொல்ல முன்வந்ததே அச்சந்திப்பின் பயன். நான்காம் வாரம் மதிப்பெண் 6 ஆயிற்று. அது 9க்குக் கீழ் இறங்காதிருப்பினும், எந்நிலையிலும் ஏறியிருப்பினும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பதே முறை. இடையில் அழைக்கத் தாய்க்கு 14416 என்னும் டெலி மானஸ் எண் கொடுக்கப்பட்டது.

தொடர் கவனிப்பில் ஏற்படும் முறிவு

தாய்வீட்டு வழக்கம் தாய்க்குத் துணை; தொடர் கவனிப்புக்கு அதுவே இடையூறு. மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதத்தில் தாய் புகுந்த வீடு திரும்பும்போது அவர் வேறொரு கிராம சுகாதார செவிலியரின் எல்லைக்குள் செல்கிறார். இந்நேர்வில் தாயின் அச்சமெல்லாம் அவ்வீட்டைச் சுற்றியே அமைந்திருந்ததால், இடர் கூடும் வாரமும் கவனிப்பு அறும் வாரமும் ஒன்றாகிவிடுகின்றன. எட்டுச் சந்திப்புகளையும் தாய்வீட்டிலேயே முடித்து ‘நலம்’ என எழுதும் ஒப்படைப்பு இதனைக் காணாது.

இதற்கு இரண்டு செயல்கள் தேவை. கடைசி இரண்டு சந்திப்புகளையேனும் புகுந்த வீடு சென்றபின் அமைப்பது ஒன்று. தாயின் ஒப்புதலுடன் அப்பகுதிச் செவிலியரிடம் நேரில் அல்லது தொலைபேசியில் பொறுப்பை ஒப்படைப்பது மற்றொன்று. தாய் சேய் நல அட்டையை வீட்டில் எவரும் படிக்கக்கூடும் என்பதால் மதிப்பெண்ணோ நோயின் பெயரோ அதில் இடம்பெறலாகாது. அடுத்த சந்திப்பு நாள் மட்டும் போதும். மதிப்பெண் தாள் செவிலியரின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

முடிவுரை

பதினொன்று என்னும் மதிப்பெண் ஓர் ஊரின் வெட்டெண்ணுக்குக் கீழும் மற்றோர் ஊரின் வெட்டெண்ணுக்கு மேலும் நிற்கிறது. தமிழ் வடிவத்தைப் பயன்படுத்துவோர் அதற்கெனக் கண்டறியப்பட்ட 8/9ஐயே கொள்ள வேண்டும். அதனைத் தாண்டியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயற்றோர் என்பதால், விடைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கும் உரையாடல் கண்டறிதலின் பகுதியாகவே அமைய வேண்டும். ஒப்படைப்பை மதிப்பிடும் விரிவுரையாளர்கள் மொத்த மதிப்பெண்ணோடு மூன்று செய்திகளையும் மாணவியிடம் கேட்கலாம்: வினாத்தாள் நிரப்பப்பட்டபோது அருகில் யார் இருந்தனர், பத்தாம் வினா வாய்மொழியாகக் கேட்கப்பட்டதா, தாய் அடுத்து எந்த வீட்டுக்குச் செல்கிறார்.