மவுஸ் வைத்தால் மட்டும் தெரியும் வரி

இணையப் பக்கத்தில் ஒரு லிங்க் மீது மவுஸைக் கொண்டுபோய் வைத்துச் சற்றுப் பொறுத்தால், சின்னப் பெட்டிக்குள் ஒரு வரி தோன்றும். டூல்டிப் என்பார்கள். பக்கத்தை உருவாக்கியவர் அந்த லிங்கின் `title` என்ற இடத்தில் எழுதிவைத்த குறிப்பு அது. பக்கத்தில் இடத்தை அடைக்காமல் கூடுதல் தகவல் தந்துவிடலாம் என்று நம்பிப் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குறிப்பு வாசகர்களில் மிகச் சிலரைத்தான் எட்டுகிறது.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு லிங்க் இப்படி இருக்கிறது:

```html
படிவத்துக்கு <a href="form.pdf"
title="பிடிஎஃப், 8 எம்பி">இங்கே</a> கிளிக் செய்யவும்.
```

செல்போனில் படிப்பவருக்குக் கண்ணில் படுவது "இங்கே" என்ற சொல் மட்டும்தான். மவுஸ் அம்பு லிங்க் மேல் சும்மா நிற்க முடியும். விரலால் அப்படி நிற்க முடியாது. தொட்டால் லிங்க் திறந்துவிடும். அழுத்திப் பிடித்தால் லிங்கை நகலெடுக்கவும் புதிய டேபில் திறக்கவும் ஒரு பட்டியல் வரும். அன்றைய டேட்டா தீரும் நிலையில் இருப்பவருக்கு 8 எம்பி என்பது தொடுவதற்கு முன்பே தெரிய வேண்டிய செய்தி.

கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் கீபோர்டின் Tab விசையை அழுத்தி ஒவ்வொரு லிங்காகப் போகிறார்கள். பெரும்பாலான பிரவுசர்களில் அப்போது டூல்டிப் தோன்றுவதில்லை. பார்வை மங்கியவர்கள் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள். ஆனால் பிரவுசரின் டூல்டிப் எழுத்து பக்கத்தோடு சேர்ந்து பெரிதாவதில்லை. திரையை உருப்பெருக்கும் மென்பொருளில், அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வெளியே விழுந்துவிடவும் கூடும்.

பார்வையற்றவர்களுக்காகவே `title` எழுதுகிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. அது உறுதியில்லாத உதவி. லிங்குக்குச் சொந்தமாகச் சொற்கள் இருந்தால், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் முதலில் சொல்வது அவற்றைத்தான். `title` குறிப்பைச் சொல்லுமா என்பது மென்பொருளையும் அதன் அமைப்புகளையும் பொறுத்தது. என்விடிஏ மென்பொருளில் Insert, F7 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் லிங்குகள் பட்டியலாக வரும். நம் பக்கத்தில் அந்தப் பட்டியல் "இங்கே, இங்கே, இங்கே" என்று நீளும்.

மவுஸ் வைத்திருப்பவர்கூட, உள்ளே ஒரு குறிப்பு இருக்கிறது என்பதை எப்படி அறிவார்? அடையாளம் ஏதுமில்லை. அவரும் நேராகக் கிளிக் செய்துவிடுவார். எச்டிஎம்எல் விதிநூலே இப்போதைக்கு `title`-ஐ நம்பியிருக்க வேண்டாம் என்கிறது.

சரிசெய்வது எளிது. மறைத்துவைத்ததை வெளியே எழுதிவிட வேண்டும்:

```html
<a href="form.pdf">ஓய்வூதிய விண்ணப்பப் படிவம்
(பிடிஎஃப், 8 எம்பி)</a>
```

இப்போது தொடுபவர், Tab அழுத்துபவர், காதால் கேட்பவர் எல்லோருக்கும் ஒரே செய்தி கிடைக்கிறது. லிங்க் புதிய டேபில் திறக்குமானால் அதையும் இப்படியே எழுதிவிடலாம். செய்திப் பட்டியல்களில் ஒவ்வொன்றின் கீழும் வரும் "மேலும் படிக்க" லிங்குக்கு `title` போடுவதைவிட, தலைப்பையே லிங்காக்குவது நல்லது. சிலர் `title`-ஐ எடுத்துவிட்டு அதே குறிப்பை `aria-label`-இல் போடுகிறார்கள். அது திரைவாசிப்பு மென்பொருளுக்கு எட்டும். செல்போனில் கண்ணால் படிப்பவருக்கு எட்டாது.

விளக்கம் இரண்டு மூன்று வாக்கியம் நீளுமானால் லிங்குக்குள் அடக்க முடியாதுதான். லிங்குக்கு அடுத்த வரியில் சாதாரணப் பத்தியாகவே எழுதலாம். அதற்கும் இடமில்லையென்றால் `<details>` இருக்கிறது. தொட்டாலும் Enter அழுத்தினாலும் விரியும். வாசகர் மூடும்வரை நிற்கும். தாங்களே அழகான டூல்டிப் செய்துகொள்ள விரும்புபவர்களுக்கு, 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: அம்பை நகர்த்தாமலே மூட வழி வேண்டும், அம்பைப் பெட்டியின் மேல் கொண்டுபோனால் மறையக் கூடாது, வாசகர் விலகும்வரை நிற்க வேண்டும். இத்தனையும் செய்தாலும், தொடுதிரைக்குத் தனி ஏற்பாடு தேவை. செலவழிக்கும் உழைப்புக்கு இது ஈடாகாது என்பதே என் கருத்து.

`title` எல்லா இடத்திலும் வேண்டாதது அல்ல. பக்கத்துக்குள் வரைபடமோ வீடியோவோ பதிக்கும் `<iframe>`-க்கு அது அவசியம். உள்ளே இருப்பது என்ன என்று திரைவாசிப்பு மென்பொருள் அதைக் கொண்டுதான் சொல்கிறது.

இணையதளம் நடத்துபவர்கள் தங்கள் பக்கத்தின் நிரலில் `title=` என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். லிங்குகளில் கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பையும் படியுங்கள். வாசகருக்குத் தேவையானதை லிங்கின் சொற்களோடு சேருங்கள். லிங்கில் இருப்பதையே திரும்பச் சொல்வதை நீக்கிவிடுங்கள். பிறகு மவுஸைத் தொடாமல் Tab விசையால் ஒருமுறை, செல்போனில் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.